நாலா, ஏழா? ஒரே பையனுக்கு இரண்டு பொருத்தக் கணக்கு

கேள்வி: என் மகளுக்கு ரோகிணி, ரிஷப ராசி. பையனுக்கு வாக்கிய முறையில் எழுதிய ஜாதகத்தில் சுவாதி, ராகு திசை இருப்பு 6 மாதம் என்று இருக்கிறது. திருக்கணித முறையில் விசாகம் 1-ம் பாதம், குரு திசை இருப்பு 15 வருஷம் 8 மாதம். ஒரு ஜோசியர் பத்துக்கு நாலுதான், ரஜ்ஜு தட்டுகிறது, வேண்டாம் என்கிறார். இன்னொருவர் ஏழு பொருந்துகிறது, தாராளமாகச் செய்யலாம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவருமே கணக்கில் தப்பு செய்யவில்லை. நட்சத்திரம் மாறியதால் விடை மாறிவிட்டது. நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

பெண் நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்து ஆண் நட்சத்திரம் வரை எண்ண வேண்டும். ரோகிணியிலிருந்து சுவாதி 12. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 3. தினப் பொருத்தத்துக்கு மீதி 2, 4, 6, 8 அல்லது 0 வர வேண்டும் என்பதால் தினம் இல்லை. மகேந்திரத்துக்கு 4, 7, 10, 13 என்று மூன்று மூன்றாகக் கூடி வரும் எண் வேண்டும், அதுவும் இல்லை. ஸ்திரீ தீர்க்கத்துக்கு 13-ஐத் தாண்ட வேண்டும், தாண்டவில்லை. விசாகம் என்று வைத்தால் எண்ணிக்கை 13, மீதி 4. உடனே தினமும் மகேந்திரமும் வந்துவிடுகின்றன.

ரஜ்ஜுவும் வேதையும் எண்ணிப் பார்ப்பவை அல்ல, பட்டியலில் பார்ப்பவை. ரோகிணியும் சுவாதியும் கழுத்து ரஜ்ஜு. போதாததற்கு அவை இரண்டும் ஒன்றுக்கொன்று வேதை. விசாகம் வயிற்று ரஜ்ஜு. அதற்கு வேதை கார்த்திகைதான். ஆக இந்த இரண்டும் கிடைத்துவிடுகின்றன. கணம் மட்டும் எதிர்ப்பக்கம் போகிறது. ரோகிணி மனுஷ கணம், சுவாதி தேவ கணம், பொருந்தும். விசாகம் ராட்சச கணம், பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மிச்சத்தில் மாற்றம் இல்லை. யோனியில் ரோகிணியின் பாம்புக்குச் சுவாதியின் எருமையும் பகையில்லை, விசாகத்தின் புலியும் பகையில்லை. எப்படிப் பார்த்தாலும் பையன் துலாம் ராசிதான், ரிஷபத்துக்கு ஆறாவது. அதனால் ராசிப் பொருத்தம் இல்லை. இரண்டுக்கும் சுக்கிரனே அதிபதி, ரிஷபத்துக்குத் துலாம் வசியம். இவை இரண்டும் உண்டு. கூட்டினால் சுவாதிக்கு 4, விசாகத்துக்கு 7.

இப்போது அந்தத் திசை இருப்பைப் பாருங்கள். ராகு திசை மொத்தம் 18 வருஷம், அதாவது 216 மாதம். அதில் 6 மாதம்தான் பாக்கி என்றால், சுவாதி முடிய முப்பத்தாறில் ஒரு பங்கு மிச்சம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும் என்பதால் அது சுமார் 40 நிமிஷம். திருக்கணிதத்தில் குரு திசையின் 192 மாதத்தில் 4 மாதம் கழிந்திருக்கிறது. விசாகம் தொடங்கி அரை மணி நேரம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவே மொத்தமே ஒரு மணி பத்து நிமிஷ வித்தியாசம்தான்.

அவ்வளவு நேரத்தில் பையனின் ஜாதகம் மாறிவிடவில்லை. கட்டத்தில் சந்திரன் அதே துலாத்தில் இருக்கிறது. திசைகள் பத்து மாதம் முன்னே பின்னே நகர்கின்றன, அவ்வளவுதான். ஆனால் பொருத்தம் மட்டும் நாலிலிருந்து ஏழுக்குத் தாவுகிறது. நட்சத்திரப் பொருத்தத்தின் எல்லை இங்கேதான் தெரிகிறது. அதற்குத் தெரிந்தது 27 பெயர்கள் மட்டுமே. லக்னம், ஏழாமிடம், செவ்வாய், இருவருக்கும் நடக்கும் திசை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அன்று சுவாதியில் பிறந்த எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் உங்கள் மகளோடு இதே நாலுதான்.

கழுத்து ரஜ்ஜு என்றால் பெண்ணின் உயிருக்கு ஆகாது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கும். ஆனால் 27-ல் 6 நட்சத்திரங்கள் கழுத்து ரஜ்ஜு. ரோகிணிப் பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பையனுக்கு மேல் ரஜ்ஜு தட்டத்தான் செய்யும். இத்தனை பேருக்கு ஒரே ஆயுள் பலன் சொல்வது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. ரோகிணி ஆரோகணம், சுவாதி அவரோகணம், ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால் தோஷம் குறைவு என்று ஏற்றுக்கொள்ளும் ஜோசியர்களும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பையனின் பிறந்த நேரம் ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ளதா, வீட்டில் யாரோ நினைவில் வைத்துச் சொன்னதா என்று கேளுங்கள். நினைவில் சொன்னது என்றால் முக்கால் மணி பிசகுவது சாதாரணம், நட்சத்திரமே சந்தேகத்துக்குரியது. அப்புறம், இரண்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில் கணிக்கச் சொல்லுங்கள். பெண்ணுக்கு வாக்கியம், பையனுக்குத் திருக்கணிதம் என்று கலந்து பார்க்கவே கூடாது. மகளின் திசை இருப்பையும் பாருங்கள். ரோகிணிக்குச் சந்திர திசை, 10 வருஷம். இருப்பு ஒன்பதரைக்கு மேலோ சில மாதங்களாகவோ இருந்தால் அவரும் விளிம்பில் பிறந்தவர், ரோகிணி என்பதையே மறுபடி சரிபார்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பையன் சுவாதிக்கும் விசாகத்துக்கும் நடுவிலேயே நின்றால், எண்ணிக்கையை விட்டுவிட்டு இருவரின் கட்டத்தையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.