சந்தை வியாபாரிகளுக்குக் கணக்கு வகுப்பு: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்கும் 15 பெண்களுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கப் போகிறேன். பெரும்பாலோர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். எடை, சில்லறை, லாபம், கணக்கு எழுதுவது இவற்றை எந்த வரிசையில், எத்தனை வகுப்பில் நடத்துவது?

பதில்: வியாபாரம் ஓய்ந்த மதிய நேரத்தில் ஒன்றரை மணி நேரம் வீதம் 12 வகுப்பு வையுங்கள். முதலில் சில்லறை. அதற்கு ஒரு வகுப்பு போதும், ஏனென்றால் அதில் அவர்கள் கெட்டி. 37 ரூபாய்க்கு 100 நீட்டினால் மூன்று கொடுத்து நாற்பது, பத்து கொடுத்து ஐம்பது, ஐம்பது கொடுத்து நூறு என்று ஏற்றி எண்ணித் தருவார்கள். அதை அப்படியே விடுங்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு நல்ல எச்சரிக்கை: வியாபாரத்தில் வாயால் சரியாகச் சொன்ன கணக்கையே தாளில் கொடுத்தபோது பலர் தவறாகப் போட்டார்கள்.

எடைக்கு மூன்று வகுப்பு. கால், அரை, முக்கால் எல்லோருக்கும் தெரியும். மின்னணுத் தராசின் புள்ளிதான் சிக்கல். 1.050 என்பதை ஒன்றரை கிலோ என்று படித்துவிடுவார்கள். புள்ளிக்குப் பின்னுள்ள மூன்று இலக்கத்தையும் சேர்த்து ‘ஐம்பது கிராம்’ என்று வாசிக்கப் பழக்குங்கள். விலைக்கு, கிலோ விலையைப் பத்தால் வகுத்தால் 100 கிராம். இரண்டு முறை பாதியாக்கினால் கால் கிலோ.

லாபத்துக்கு நான்கு வகுப்பு. உண்மையில் பணம் கரைவது இங்கேதான். 25 கிலோ தக்காளிப் பெட்டி 500 ரூபாய் என்று வைப்போம். கிலோ 20 விழுகிறது, 25க்கு விற்றால் ஐந்து ரூபாய் லாபம் என்பார்கள். வண்டி வாடகை 40, சுமைகூலி 10, சந்தைக் கட்டணம் 20 சேர்த்தால் செலவு 570. அழுகலும் நசுங்கலும் மூன்று கிலோ போனால் விற்க இருப்பது 22 கிலோதான். 25 வீதம் 550 வரும். 20 ரூபாய் நட்டம். 570ஐ 25ஆல் அல்ல, 22ஆல் வகுக்க வேண்டும்: அடக்கவிலை ஏறத்தாழ 26. 30க்கு விற்றால்தான் 90 ரூபாய் நிற்கும். இதை அவரவர் சரக்கை வைத்தே போட வையுங்கள். கழிவை ஒரு வாரம் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்மதிப்பில் சொல்வது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மீதி நான்கு வகுப்பு கணக்கு எழுத. ஒவ்வொரு விற்பனையையும் எழுதச் சொன்னால் இரண்டே நாளில் நோட்டு மூலைக்குப் போய்விடும். மாலையில் ஒரு தரம் எழுதினால் போதும்: பையில் உள்ள பணம் 690, போனில் வந்தது 120, பையிலிருந்து எடுத்துக் கட்டிய சந்தைக் கட்டணம் 20, வீட்டுக்கு எடுத்தது 30. மொத்தம் 860. காலையில் சில்லறைக்காக வைத்த 200ஐக் கழித்தால் அன்றைய விற்பனை 660. கடனுக்குக் கொடுத்ததைக் கூட்டி, பழைய கடன் வசூலைக் கழிக்க வேண்டும். எழுத்து வராதவர்களுக்குப் பை, போன், வீடு என்று படம் வரைந்த கட்டங்கள் போதும், எண்ணை மட்டும் எழுதுவார்கள்.

கணக்கு உதைத்தால் முதலில் வீட்டுக்கு எடுத்த பணத்தைக் கேளுங்கள். மறந்துபோவது பெரும்பாலும் அதுதான். தண்டல் வாங்கியிருப்பவர்கள் தவணை முழுவதையும் செலவில் சேர்த்துவிடுவதும் உண்டு. கையில் 8,500 வாங்கி, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டினால், வட்டி நாளுக்கு 15 ரூபாய். அதை மட்டும் செலவில் சேர்க்க வேண்டும், மற்ற 85 அசல்.