பயனர்களின் புகார்களை, அதாவது டிக்கெட்டுகளை, எல்லோரும் ஒரே க்யூவில் இருந்து எடுத்துத் தீர்க்கும் டீமுக்கு லீடர்போர்டும் தினசரி டார்கெட்டும் வைத்தால் வேலை வேகமாக நடக்குமா?

எண்ணிக்கை ஏறும். கஷ்டமான டிக்கெட்டுகள் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு ஐடி ஹெல்ப்டெஸ்க்கில் ஒன்பது பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 டிக்கெட் என்று டார்கெட் வைத்து, சுவரில் இருந்த டிவியில் பெயர் வாரியாக எண்ணிக்கையை ஓடவிட்டார்கள். பாஸ்வேர்ட் ரீசெட் நான்கு நிமிட வேலை. விபிஎன் கோளாறு அரை நாளைக்கூட விழுங்கும். போர்டில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அப்புறம் என்ன, காலையில் லாகின் செய்த கையோடு ரீசெட்டுகளையெல்லாம் பொறுக்கிவிடுவோம். நானும் பொறுக்கினேன்.

கிளை அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் ஒரு அம்மாவுக்கு அடிக்கடி விபிஎன் அறுந்துபோனது. அவருடைய டிக்கெட் 11 நாள் கிடந்தது. ஹிஸ்டரியைப் பார்த்தால் ஆறு பேர் எடுத்து, படித்துவிட்டுத் திரும்பக் க்யூவில் போட்டிருந்தோம். அதில் மூன்று பேர் ஸ்கிரீன்ஷாட் கேட்டிருந்தார்கள். அவர் முதல் நாளே அனுப்பியிருந்தார். ஆனால் கேள்வி கேட்டால் டிக்கெட் ‘பயனர் பதிலுக்காகக் காத்திருப்பு’ நிலைக்குப் போய்விடும், தீர்வு நேரத்தை அளக்கும் கடிகாரமும் நின்றுவிடும். கடைசியில் ஒரு சீனியர் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, சிறிது நேரம் சும்மா இருக்கும் இணைப்பைக் கிளையின் ரவுட்டர் துண்டிக்கிறது என்று கண்டுபிடித்தார். அன்று போர்டில் அவருக்கு ஏழுதான். மீட்டிங்கில் எல்லோர் முன்பும் காரணம் கேட்டார்கள். மறுவாரத்தில் இருந்து அவரும் ரீசெட் எடுக்க ஆரம்பித்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மேனேஜருக்கு இது தெரியவே இல்லை. சராசரித் தீர்வு நேரம் என்ற ரிப்போர்ட் மூடிய டிக்கெட்டுகளை வைத்துத்தான் கணக்கு போடுகிறது. மூடாமல் கிடப்பது அதில் வராது. அதனால் க்யூ அழுக அழுக ரிப்போர்ட் அழகாகிக்கொண்டே போனது. உண்மை நிலவரம் வேண்டுமென்றால், திறந்திருக்கும் டிக்கெட்டுகளைப் பழையது மேலே வரும்படி அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எத்தனை கை மாறியது, மூடியதில் எத்தனை மறுபடி திறந்தது என்பதையும் பாருங்கள்.

கஷ்டமான டிக்கெட்டுக்கு ஐந்து பாயிண்ட் என்று மாற்றிப் பார்த்தார்கள். பிரிண்டர் பேப்பர் சிக்கியதுகூட ‘கஷ்டம்’ ஆகிவிட்டது.

டிக்கெட்டை நாங்களே தேர்ந்தெடுக்கும் வசதியை நீக்கிய பிறகுதான் சரியானது. ‘அடுத்தது’ என்று அழுத்தினால் இருப்பதிலேயே பழைய டிக்கெட் வரும். கிளை முழுக்க முடங்கியது மாதிரியான அவசரம் மட்டும் முன்னால் வரும். திரும்பப் போடலாம், ஆனால் எதையெல்லாம் சோதித்தோம் என்று எழுதிவிட்டுத்தான் போட வேண்டும். டிவியில் பெயர்கள் போய், மிகப் பழைய டிக்கெட்டுக்கு எத்தனை நாள் ஆகிறது என்ற ஒரே எண் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் திணறினார்கள், அதனால் முதல் மாதம் ஒரு சீனியரோடு உட்கார வைத்தோம்.

உங்கள் மென்பொருளில் ‘அடுத்தது’ வசதி இல்லையா? தினமும் காலையில் மிகப் பழைய டிக்கெட்டுகளை டீம் லீடே ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கட்டும். அதைத் தொட்ட பிறகு மற்றதை எடுக்கலாம்.