கஸ்டமர் டேபிள் யாருடையது?

கேள்வி: எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட்டுக்கும் சொல்யூஷன் ஆர்கிடெக்ட்டுக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? ப்ராஜெக்ட்டில் எதை யார் முடிவு செய்வது? என் டிசைனை ஈ.ஏ. டீம் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது முறையா? அப்படியானால் நீங்கள் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சொல்யூஷன் ஆர்கிடெக்ட்டாக இருப்பீர்கள், ஈ.ஏ. கிளையண்ட் பக்கம் இருப்பார், கோ-லைவ் தேதி ஏற்கெனவே யாரோ ஒருவரால் சொல்லப்பட்டிருக்கும். நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சருக்கான டோகாஃப் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம், அது என்னிடமும் இருக்கிறது. இருபது பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் இரண்டு வேலையையும் ஒருவரே செய்வார் என்பதும் தெரியும். நான் சொல்வது பல ப்ராஜெக்ட்கள் ஒரே சமயத்தில் ஓடும் பெரிய இடங்களுக்கு.

ஈ.ஏ. நகரத்தைத் திட்டமிடுபவர், எஸ்.ஏ. வீடு கட்டுபவர் என்று எல்லோரும் உவமை சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் நகரத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ யாரும் சண்டை போடுவதில்லை. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் தெருக் குழாயில் சேரும் இடத்தில்தான் சண்டை வரும். என் கதை அந்த இடத்தில் நடந்தது.

ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம். வாகன விபத்து க்ளெய்மை வாடிக்கையாளரே பதிவு செய்ய ஒரு போர்ட்டல் கட்டிக்கொண்டிருந்தோம். கஸ்டமர் விவரம் எதுவானாலும் அவர்களுடைய கஸ்டமர் மாஸ்டர் என்ற மைய சிஸ்டத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்பது ஈ.ஏ. டீமின் விதி. காலை நேர நெரிசலில் அந்த மாஸ்டரின் ஏ.பி.ஐ. பதில் சொல்ல ஒன்றரை, இரண்டு நொடி எடுக்கும். எங்கள் முதல் பக்கத்துக்கே மூன்று அழைப்பு தேவைப்பட்டது. பக்கம் மூன்று நொடிக்குள் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதனால் போர்ட்டலின் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் `customer_local` என்று ஒரு டேபிள் வைத்தேன். மாஸ்டரில் அன்றைக்கு மாறிய வரிகளை மட்டும் ராத்திரி இரண்டு மணி ஜாப் ஒன்று அதில் கொண்டுவந்து போடும்.

ரிவ்யூ போர்டில் கிளையண்டின் எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட் மேடம் என் டிசைன் படத்தில் அந்த டேபிளின் பெட்டியில் விரலை வைத்தார்.

"இங்க எதுக்கு ஒரு கஸ்டமர் டேபிள்?"

"ஏ.பி.ஐ. ஸ்லோ மேடம். நம்பர்ஸ் அடுத்த ஸ்லைடுல இருக்கு."

"படிக்க மட்டும்தானா, எழுதவுமா?"

"படிக்க மட்டும்தான்."

அன்றைக்கு அது நிஜம். அவர் ஆறு மாதத்துக்கு விலக்கு கொடுத்தார். டோகாஃப் இதை டிஸ்பென்சேஷன் என்று சொல்லும். விதியை மீறச் சம்மதம் உண்டு, ஆனால் அதற்குக் கெடுவும் நிபந்தனையும் உண்டு. கெடுவுக்குள் மாஸ்டர் டீம் ஏ.பி.ஐ.யை வேகமாக்க வேண்டும், அதுவரை எங்கள் டேபிள் படிக்க மட்டும். மினிட்ஸில் தெளிவாக எழுதியிருந்தது. நான் வெளியே வந்து டீமிடம் "அப்ரூவ்டு" என்று மட்டும் சொன்னேன். நிபந்தனையைச் சொல்லவில்லை. என் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து பிசினஸ் பக்கத்திலிருந்து ஒரு சின்ன யூசர் ஸ்டோரி வந்தது. க்ளெய்ம் பதிவு செய்யும்போது மொபைல் எண்ணை மாற்ற வசதி வேண்டுமாம். மாஸ்டரின் அப்டேட் ஏ.பி.ஐ.க்கு அனுமதி வாங்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எங்கள் பையன் `customer_local` டேபிளிலேயே எழுதிவிட்டு, மாஸ்டருக்கு அனுப்புவதை "ஃபேஸ் 2" என்று குறித்து வைத்தான். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். கோட் ரிவ்யூவில் சரி போட்டது நான். ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ்தானே என்று நினைத்தேன்.

கோ-லைவ் முடிந்து மூன்று மாதம் இருக்கும். "நம்பரை மாத்தினேன், திரும்பப் பழைய நம்பரே வந்துடுச்சு" என்று கால் சென்டருக்குப் புகார்கள் வர ஆரம்பித்தன. காரணம் புரிய எங்களுக்கு அரை நாள் ஆனது. வேறு ஏதோ காரணத்துக்காக, உதாரணமாகப் பாலிசி புதுப்பித்ததால், மாஸ்டரில் ஒருவருடைய வரி மாறினால் ராத்திரி ஜாப் அந்த வரியை முழுதாகக் கொண்டுவரும். புது எண்ணின் மேல் பழைய எண் உட்கார்ந்துவிடும். வரி மாறாதவர்களுக்குப் போர்ட்டலில் புது எண், மாஸ்டரில் பழைய எண். புதுப்பித்தல் எஸ்.எம்.எஸ். எல்லாம் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது.

நான் சும்மா இருப்பேனா? போர்ட்டலில் இருக்கும் புது எண்களை மொத்தமாக மாஸ்டருக்குத் தள்ள ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, சனிக்கிழமை ஓட்டிவிடலாம் என்று மெயில் போட்டேன். மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரே நம்பர் எத்தனை கஸ்டமருக்கு இருக்குன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன்.

```sql
SELECT mobile, count(DISTINCT customer_id)
FROM customer_local
GROUP BY mobile
HAVING count(DISTINCT customer_id) > 3
ORDER BY 2 DESC;
```

வீட்டில் மூன்று பேர் ஒரே எண்ணைக் கொடுப்பது சகஜம், அதனால்தான் மூன்றுக்கு மேல் என்று வைத்தேன். முதல் வரியில் வந்த எண்ணுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட கஸ்டமர்கள். அந்த எண்ணைக் கூப்பிட்டோம். எடுத்தது ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி. கேஷ்லெஸ் க்ளெய்முக்கு வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஃபார்மை அவன்தான் நிரப்பித் தருகிறான். சர்வேயர் வந்தால் பேச வேண்டியவன் அவன், ஆகவே தன் எண்ணைப் போடுகிறான். அவன் பக்கம் ஒரு தப்பும் இல்லை. எங்கள் திரையில் "தொடர்பு எண்" என்றுதான் இருந்தது.

என் ஸ்கிரிப்ட் சனிக்கிழமை ஓடியிருந்தால் அந்த அறுபது பேருடைய பாஸ்வேர்டு மாற்றும் ஓ.டி.பி. எல்லாம் அந்தத் தம்பியின் போனுக்குப் போயிருக்கும். மாஸ்டரில் `mobile` என்றால் பாலிசிதாரரின் பதிவு எண், அடையாளம் சரிபார்க்கும் எண். எங்கள் திரையில் அது இந்த ஒரு க்ளெய்முக்கு யாரைக் கூப்பிடுவது என்ற எண். ஒரே பெயரில் இரண்டு அர்த்தம். என் ப்ராஜெக்ட்டுக்குள் நின்று பார்த்தால் அது தெரியாது. அந்த எண்ணை வேறு எந்தெந்த சிஸ்டம் எதற்கெல்லாம் நம்பியிருக்கிறது என்று அறிந்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் கேள்வி. கஸ்டமர் விவரத்துக்கு மூல இடம் எது, அதில் யார் எழுதலாம் என்பது ஈ.ஏ. முடிவு, ஏனென்றால் அது தப்பினால் என் ப்ராஜெக்ட்டுக்கு வெளியே இருப்பவர்கள் அடிபடுவார்கள். படிப்பதற்கு நகல் வைப்பதா, எந்த டேபிள், எத்தனை மணிக்கு ஜாப் என்பது என் முடிவு. "மொபைல்" என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் இருவர் முடிவும் இல்லை. மேடம் அதை பாலிசி சர்வீஸிங் தலைவரிடம் கொண்டுபோனார். அந்தத் தரவுக்குச் சொந்தக்காரர் அவர்தான். பல கம்பெனிகளில் இந்த மூன்றாவது ஆளைக் கூப்பிடவே மாட்டார்கள், இரண்டு ஆர்கிடெக்ட்களும் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஈ.ஏ. டீம் எப்போதும் சரி என்று சொல்ல வரவில்லை, அப்படி யாராவது படித்தால் அது என் எழுத்தின் குறை. அதே போர்டில் இன்னொருவர் இருந்தார். சிஸ்டங்களுக்கு இடையே மெசேஜ் அனுப்ப காஃப்காதான் ஸ்டாண்டர்டு, ஆகவே விபத்துப் போட்டோக்களும் காஃப்கா வழியாகவே போக வேண்டும் என்று நின்றார். காஃப்காவில் ஒரு மெசேஜின் டீஃபால்ட் உச்ச அளவு சுமார் 1 எம்.பி. இன்றைய போனில் எடுத்த போட்டோ 3, 4 எம்.பி. இருக்கும். "லிமிட்டைக் கூட்டுங்க" என்றார். கூட்டலாம்தான், ஆனால் அந்தக் கிளஸ்டரைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற டீம்கள் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். போட்டோவை ஆப்ஜெக்ட் ஸ்டோரில் போட்டுவிட்டு, அது இருக்கும் பாதையை மட்டும் காஃப்காவில் அனுப்பினேன். காஃப்கா என்பது அவர் முடிவு, அதில் எதை ஏற்றுவது என்பது என் முடிவு. ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன். இவ்வளவு நடந்த வருடம் அப்ரைசலில் என் மேனேஜர் கேட்டது: "இன்னும் எஸ்.க்யூ.எல். எல்லாம் நீங்களே எழுதுறீங்களா சார்?" நாற்பது தாண்டியவன் கோட் எழுதினால் ஏதோ வியாதி மாதிரி பார்க்கிறார்கள். எனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். ரேட்டிங் மூன்று. மேலே இருக்கும் ஐந்து வரியை எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் விளக்க முயன்றேன், அதற்குள் அவருடைய அடுத்த மீட்டிங் வந்துவிட்டது.

சரி, நாங்கள் எப்படிச் சரிசெய்தோம் என்றால், க்ளெய்ம் டேபிளில் `contact_mobile` என்று தனி ஃபீல்டு சேர்த்தோம், போர்ட்டலில் மாற்றிய எண்கள் எல்லாம் அங்கே போயின. பதிவு எண்ணையே மாற்ற விரும்புபவர் மாஸ்டரின் அப்டேட் ஏ.பி.ஐ. வழியாக ஓ.டி.பி. கொடுத்துத்தான் மாற்ற முடியும். அப்புறம் `customer_local` டேபிளுக்கு வாய்மொழி நிபந்தனை போதாது என்று டேட்டாபேஸிலேயே பூட்டுப் போட்டேன்.

```sql
REVOKE INSERT, UPDATE, DELETE
ON customer_local FROM portal_app;
```

ராத்திரி ஜாப்புக்குத் தனி ரோல். இனி எந்தப் பையன் எந்த ஸ்பிரிண்டில் எழுத முயன்றாலும் டெஸ்ட்டிலேயே `permission denied` என்று விழும். இதெல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. முதலில் அப்டேட் ஏ.பி.ஐ. அனுமதிக்கு ஆகும் என்று சொன்னார்களே, அதே மூன்று வாரம்.

நீங்கள் நான்காவது முறை போகும்போது டிசைனை மாற்றிக்கொண்டு போகாதீர்கள். எந்த விதியின் எந்த வரியில் இடிக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வரியைக் காட்ட முடியாமல் "பெஸ்ட் பிராக்டிஸ்" என்றால் அது அவருடைய ரசனை, நீங்கள் நின்று பேசலாம். வரியைக் காட்டினால், அந்த வரி காப்பாற்றுவது எந்த சிஸ்டத்தை என்று கேட்டுவிட்டு, கெடுவோடு விலக்கு கேளுங்கள். கிடைத்தால் நிபந்தனையை மினிட்ஸில் தூங்க விடாமல், அந்த டேபிளைத் தொடும் ஒவ்வொரு ஸ்டோரியிலும் ஒட்டிவிடுங்கள். எங்கள் விலக்கு ஆறு மாதத்தில் முடியவில்லை, மாஸ்டர் டீம் ஏ.பி.ஐ.யை வேகமாக்கவே இல்லை. நீட்டிக்கக் கேட்டுப் போனபோது மேடம் மறுபடியும் "படிக்க மட்டும்தானா, எழுதவுமா?" என்ற அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்த முறை ஸ்லைடு காட்டவில்லை, லேப்டாப்பைத் திருப்பி, அந்த டேபிளில் யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும் `\dp customer_local` அடித்துக் காட்டினேன்.