முதல் வேலை: பென்ஷனா, பி.எஃப்.பா? – கேள்வி பதில்

கே: வயது 22, முதல் வேலை. பென்ஷன் திட்டம் அல்லது பி.எஃப்., ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அடிப்படையில் என்ன வித்தியாசம்?

ப: பென்ஷனில் நிர்வாகம் வாக்குக் கொடுப்பது கடைசியில் கிடைக்கப்போகும் தொகைக்கு. எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள், கடைசிச் சம்பளம் எவ்வளவு என்பதை வைத்துக் கணக்கிட்டு, ஆயுள் முழுக்க மாதாமாதம் தருவார்கள். முதலீடு சரிந்தாலும், நீங்கள் 95 வயதுவரை இருந்தாலும் அது அவர்கள் பாடு. பி.எஃப்.பில் வாக்கு மாதாமாதம் போடும் பங்குக்கு மட்டும்தான். அது எவ்வளவாக வளர்கிறது, எத்தனை வயதுவரை தாங்குகிறது என்பது உங்கள் பாடு.

கே: அப்படியென்றால் பென்ஷன்தான் பாதுகாப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ப: கடைசிவரை அங்கேயே இருப்பவருக்கு நீங்கள் சொல்வது சரி. நடுவில் கிளம்புகிறவருக்குக் கதை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சம்பளம் 30,000, ஆண்டுக்கு 5% உயர்வு. பென்ஷன் விதி: ஒவ்வொரு வருட வேலைக்கும் கடைசிச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு. பி.எஃப். என்றால் நிர்வாகம் 10% போடும், 7% வட்டி என்று வைப்போம். நீங்கள் போடும் பங்கை இரண்டிலும் கணக்கில் சேர்க்கவில்லை.

60 வயதுவரை 38 வருடம் இருந்தால் கடைசிச் சம்பளம் சுமார் 1,80,000 ஆகும். அதில் அறுபதில் 38 பங்கு, அதாவது மாதம் ஏறத்தாழ 1,15,000 பென்ஷன். பி.எஃப்.பில் நிர்வாகப் பங்கு மட்டும் 1.2 கோடி சேரும். அதை ஆண்டுக்கு 6% தரும் ஆயுள் வருமானமாக மாற்றினால் மாதம் 60,000. பென்ஷன் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இப்போது 6 வருடத்தில், 28 வயதில் வேலையை விடுகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது சம்பளம் சுமார் 38,000. அதில் அறுபதில் 6 பங்கு, மாதம் 3,800. அதுவும் 60 வயதில்தான் கைக்கு வரும். இடைப்பட்ட 32 வருடமும் அந்த 3,800 அப்படியே உறைந்து கிடக்கும். விலைவாசிக்கேற்ப அதை உயர்த்தித் தரும் திட்டங்களும் உண்டு, எல்லாம் அப்படி இல்லை. அதே 6 வருட பி.எஃப்.பைத் தொடாமல் விட்டால் வட்டி ஏறி, 60 வயதில் மாதம் சுமார் 12,500 தரும். இங்கே பி.எஃப். மூன்று மடங்கு.

கே: 7% வட்டி 38 வருடமும் கிடைக்கும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்?

ப: நியாயமான சந்தேகம். 5% என்று வைத்துப் பாருங்கள்: சீக்கிரம் கிளம்பியவருக்கு 12,500 என்பது 6,500 ஆகிவிடும், கடைசிவரை இருந்தவருக்கு 60,000 என்பது 41,500 ஆகிவிடும். யார் பக்கம் சாய்கிறது என்பது மாறவில்லை, இடைவெளிதான் மாறுகிறது. அதோடு நிர்வாகம் போடும் பங்கும் 10% இல்லாமல் 5% என்றால் பி.எஃப். தொகை மேலும் பாதியாகும், அப்போது சீக்கிரம் கிளம்பியவர் கணக்கும் தலைகீழாகலாம்.

கே: என் அண்ணன் 3 வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தார், பென்ஷன் ஒரு பைசாகூடக் கிடையாது என்றுவிட்டார்கள். ஏமாற்று வேலைதானே?

ப: ஏமாற்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான திட்டங்களில் உரிமை வருவதற்குக் குறைந்தபட்ச சேவைக்காலம் உண்டு. அதற்கு முன் விலகினால், அவர் சம்பளத்தில் பிடித்த பணம் இருந்தால் அது மட்டும் திரும்பி வரும். இதே நிபந்தனை சில பி.எஃப்.களில் நிர்வாகப் பங்குக்கும் உண்டு. திட்ட விதிகளின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: பி.எஃப். பணத்தை எடுத்து வீடு கட்டலாமா?

ப: இங்கே பேசுவது வேறு விஷயம். ஆனாலும் ஒன்று: பல இடங்களில் எடுக்க முடியும், அதுதான் வில்லங்கமே. மேலே சொன்ன 12,500 முழுக்க 32 வருடம் தொடாமல் விட்டதால் வந்தது. வேலை மாறும்போதெல்லாம் வழித்து எடுப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கே: நான் எத்தனை வருடம் இருப்பேன் என்று 22 வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

ப: தெரியாது. அந்தத் துறையில் ஆட்கள் பொதுவாக எத்தனை வருடம் தங்குகிறார்கள் என்று அங்கேயே வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள். அப்புறம் மனிதவளப் பிரிவில் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வருடத்தில் உரிமை வரும், விலகியபின் பென்ஷன் தொகை உயருமா, பின்னால் ஒரு திட்டத்திலிருந்து மற்றதற்கு மாற முடியுமா. மூன்றாவதற்கு "முடியும்" என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முடியாது என்றால், ஐந்தாறு வருடத்தில் நகரும் எண்ணம் இருக்கிறவருக்கு நான் பி.எஃப்.தான் சொல்வேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்களும் இருக்கிறார்கள்.