வாஷ்பேசின் கழற்றிய இடத்தில் ஓட்டைகள்

"பழைய வாஷ்பேசினைக் கழற்றிவிட்டோம். டைல்ஸில் நான்கு ஓட்டைகள், மேலே நீளமாக ஒரு கறுத்த கோடு. ஒயிட் சிமென்ட் அடைத்தேன், இரண்டே வாரத்தில் உதிர்ந்துவிட்டது."

ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் பிளக் இன்னும் உள்ளே இருந்தால் அதுதான் குற்றவாளி; அந்த வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. ஒரு ஸ்க்ரூவைப் பாதியளவு முறுக்கி, குறட்டால் நேராக இழுங்கள், பிளக்கும் கூடவே வரும். பக்கவாட்டில் நெம்பாதீர்கள், டைல்ஸ் விளிம்பு பெயர்ந்துவிடும். வர மறுத்தால் ஆணி வைத்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தட்டிவிட்டால் போதும்.

தூசியை ஊதி எடுத்து, ஓட்டையை நன்றாகக் காயவிடுங்கள். ஒயிட் சிமென்ட் காயும்போது சுருங்கும். அதனால் இந்த முறை இரண்டு பகுதியாக வரும் எபாக்சி புட்டியை வாங்குங்கள். இரண்டையும் சம அளவில் கிள்ளி, ஒரே நிறமாகும் வரை பிசைந்து, ஆழத்திலிருந்து அழுத்தி நிரப்புங்கள். இறுகும் முன்பே ஈர விரலால் மட்டமாக்குங்கள். இறுகிய பிறகு தேய்த்தால் டைல்ஸில்தான் கீறல் விழும்.

கறுத்த கோடு பெரும்பாலும் பூஞ்சை பிடித்த சிலிக்கான். பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். விரலால் தேய்க்கும்போது ரப்பர் போல இழுத்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆசிட் ஊற்ற வேண்டாம், அது சிலிக்கானை விட்டுவிட்டு டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டைத் தின்னும்.

நிறம் அச்சாகப் பொருந்தாது. என் வீட்டில் அந்த இடத்தில் கண்ணாடி மாட்டிவிட்டேன்.