தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அடிக்க வேண்டிய வரி

கேள்வி: குவைத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அம்மா கணக்குக்கு நான் அனுப்பிச் சேர்த்த பணத்தில் 6,40,000 ரூபாயைத் தம்பி ஆன்லைன் கிரிக்கெட் பந்தயத்தில் விட்டுவிட்டான். அவனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். "பொங்கலுக்குள் பணத்தைப் பழையபடி கணக்கில் வை. இல்லாவிட்டால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று முடித்திருக்கிறேன். அனுப்பலாமா?
- வாசகி, குவைத்

பதில்: அந்தக் கடைசி வரியோடு அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் கோபம், அது நியாயமானது, இருக்கட்டும். ஆனால் பொங்கல் தவணை வைத்தீர்களே, அதுதான் ஆபத்து. மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒரு பையன் சில மாதங்களில் ஆறு லட்சத்தை எங்கிருந்து கொண்டுவருவான்? அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, விட்ட இடத்திலேயே பிடிப்பது. நீங்கள் தேதி குறித்தால் அவன் திரும்ப அங்கேதான் போய் நிற்பான், இந்த முறை கடன் வாங்கிக்கொண்டு.

விட்டதைப் பிடிக்க அவன் என்ன செய்திருப்பான் என்பது அம்மாவின் வங்கி ஸ்டேட்மென்ட்டிலேயே தெரியும். 1,000, 2,000, 4,000, 8,000 என்று ஒரே இரவில் தொகை இரட்டித்துக்கொண்டே போகும். தோற்றால் இரண்டு மடங்கு கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும் என்பது கணக்கு. இரு அணிக்கும் சம வாய்ப்புள்ள பந்தயத்தில் ஆயிரம் கட்டி ஜெயித்தால் 2,000 வரவேண்டும்; ஆனால் இந்த மாதிரி தளங்கள் 1,900 தருகின்றன என்று வையுங்கள். இரண்டாவது பந்தயத்தில் ஜெயித்தால், முன்னால் விட்ட ஆயிரம் போக 800 ரூபாய் லாபம். மூன்றாவதில் ஜெயித்தால் 600. நான்காவதில் 200. நான்கையும் தோற்று ஐந்தாவதில் 16,000 கட்டி ஜெயித்தாலும் வரும் லாபம் 14,400தான், அதற்குள் போனது 15,000. அதாவது ஜெயித்த பிறகும் 600 ரூபாய் நஷ்டம். எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போவது 2,55,000. இதை அவனுக்கு எழுதிக் காட்டுங்கள். "உனக்கு புத்தி இல்லையா" என்று கேட்பதைவிட இது உறைக்கும்.

கடிதம் தபாலில் போவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. கடிதம் கையில் கிடைத்த அன்றுதான் "கடைசியாக ஒரு தடவை" என்று தோன்றும். அன்று அவன் கைக்குப் பணம் எட்டக்கூடாது. பெரும்பாலான வீடுகளில் பாஸ்புக்கைப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பாஸ்புக்கால் எந்தப் பயனும் இல்லை. யூபிஐ நிற்பது வங்கியில் பதிவான மொபைல் எண்ணின் மேல். அம்மாவின் சிம் அவன் போனில் இருந்து, டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதி மாதமும் தெரிந்தால் பல வங்கிகளில் போதும், ஓடிபி வாங்கிப் புதுப் பின் போட்டுக்கொள்வான். அம்மா பின்னை மாற்றினாலும் அவன் மறுபடி மாற்றுவான்.

ஆகவே அம்மா நேரில் கிளைக்குப் போகவேண்டும், துணைக்கு மாமாவோ சித்தியோ வரட்டும். பதிவு எண்ணை மாற்ற எழுதிக் கொடுத்து, பழைய டெபிட் கார்டை முடக்கி, யூபிஐ, நெட் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளட்டும். புதுக் கார்டு வேண்டாம், கொஞ்ச நாள் ஸ்லிப் எழுதிப் பணம் எடுக்கலாம். ஃபிக்சட் டெபாசிட் இருந்தால், "இதன் பேரில் கடன் எடுக்கப்பட்டிருக்கிறதா" என்று தனியாகக் கேட்கவேண்டும். டெபாசிட்டைத் தொடாமலே அதன் மேல் ஆன்லைனில் கடன் எடுக்கும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. ரசீது பத்திரமாக பீரோவில் இருக்கும், பணம் இருக்காது. பீரோவைத் திறந்ததோடு நகையையும் பார்க்கட்டும். பெட்டியில் ஏதோ மின்னுகிறது என்பது போதாது. கவரிங்கும் மின்னும்.

அடுத்து, 6,40,000 என்பது அம்மா கணக்கில் குறைந்த தொகை மட்டும்தான். அவன் பேரில் வாங்கிய கடன் அதற்கு வெளியே இருக்கலாம். கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். சிபில் அதில் ஒன்று. அவனே தன் பான் எண்ணைக் கொடுத்து எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். கைமாற்று, வட்டிக்கு வாங்கியது, அனுமதியில்லாத லோன் ஆப் போன்றவை அதில் வராது, அதை அவன் வாயால்தான் சொல்லவேண்டும். கடிதம் கேட்க வேண்டியது இதைத்தான்: பணத்தை அல்ல, பட்டியலை.

ஒரு ரூபாய்கூட அவன் கையில் கொடுத்து "அடைத்துவிடு" என்று சொல்லாதீர்கள். எதையாவது அடைப்பதாக முடிவு செய்தால் அடகு நகைக்கு முதலிடம், ஏலம் போனால் திரும்பாது. அந்த நகைக்கடன் கணக்குக்கே நேரடியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். மற்றவற்றை அவன் சம்பளத்திலிருந்து அவனே கட்டட்டும்.

போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டு வந்தால் அது அடுத்த மோசடி. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும், அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும், வங்கிகள் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பதையும் தடை செய்துவிட்டது. அதனால் வெளிநாட்டுத் தளங்கள் யார் யாரோ தனி ஆட்களின் கணக்கில் பணம் வாங்குகின்றன. ஸ்டேட்மென்ட்டில் தினம் ஒரு பேர் இருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட கணக்கிலிருந்து ஜெயித்த பணம் வந்திருந்தால், அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்து, சைபர் கிரைம் புகாரில் அம்மாவின் கணக்கே முடக்கப்படலாம். தன் கணக்கைக் கமிஷனுக்கு யாருக்காவது கொடுத்திருக்கிறானா என்பதையும் கேளுங்கள். கொடுத்திருந்தால் உடனே ஒரு வக்கீலைப் பார்க்கவேண்டும், அது பந்தயத்தைவிடப் பெரிய வழக்கு.

"முகத்தில் விழிக்க மாட்டேன்" என்ற வரியையும் அடித்துவிடுங்கள். ஆன்லைன் சூதாட்டக் கடனில் தமிழ்நாட்டில் எத்தனை பேர் உயிரை விட்டிருக்கிறார்கள் என்பது நர்ஸான உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கடிதத்தைப் பிரிக்கும்போது மாமா பக்கத்தில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டலாம். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணைக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

முடிவு வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: "பணத்தை இப்போது கேட்கவில்லைடா. யார் யாருக்கு எவ்வளவு தரணும், எந்த நகை எங்கே இருக்கு, ஒரு பேப்பரில் எழுதி மாமாகிட்ட கொடு. பாதியை மறைச்சு எழுதினா எனக்குத் தெரியவரும், அப்புறம் நான் எதையும் அடைக்க மாட்டேன். இனி ஒரு பந்தயமும் கட்டாதே, ஜெயிக்கிற பந்தயமானாலும் சரி. அம்மாகிட்ட எல்லாம் சொல்லியாச்சு, பயந்து ஒளியாதே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூப்பிடறேன், எடு. அக்கா."

இந்த மாதத்திலிருந்து உங்கள் சம்பளம் உங்கள் பேரில் உள்ள என்ஆர்இ கணக்கில் மட்டும் விழட்டும். அதில் தம்பிக்கு இயக்கும் அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தால் ரத்து செய்யுங்கள். அம்மாவின் மாதச் செலவுக்கு எவ்வளவோ அதை மட்டும் தேதி குறித்துத் தானாகப் போகும்படி வங்கியில் உத்தரவு போட்டுவிடுங்கள்.