மல்லிகை வெள்ளைதானே, அப்புறம் ஏன் தப்பு?

கேள்வி: வங்கித் தேர்வின் முதல்நிலையில் ரீசனிங்கில்தான் போய்விட்டது. தினமும் மாதிரித் தேர்வு எழுதுகிறேன், விடைகளையும் சரிபார்க்கிறேன். மதிப்பெண் மட்டும் ஏறவே இல்லை. என்ன செய்யட்டும் மேடம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: என்னிடம் படித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ரீசனிங்கில் 35 கேள்விகள், 20 நிமிடம். அவள் 24 கேள்விகளுக்கு விடை குறித்தாள். 13 சரி, 11 தவறு. தவறுக்குக் கால் மதிப்பெண் வீதம் போக, நின்றது 10.25.

“நேரம் போதலை மேடம்” என்றாள். நானும் நம்பினேன். ஆனால் அந்த 11 கேள்விகளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தபோது, பாதிக்கு மேல் அவள் யோசித்து, உறுதியாகக் குறித்தவை.

அன்றைக்கே ஒரு நோட்டு போடச் சொன்னேன். தப்பான கேள்வி ஒன்றுக்கு ஒரு பக்கம். மேலே, கேள்வியில் கொடுத்த வாக்கியங்கள், அடுத்து அவள் எடுத்த முடிவு, அதன் கீழே ‘இது எந்த வரியிலிருந்து வந்தது?’ என்பதற்குப் பதில். கடைசியாக ஒரு படம்: வாக்கியங்கள் உண்மையாகவே இருக்க, முடிவு மட்டும் பொய்யாகும்படி வட்டங்களைப் போட முடிகிறதா? முடிந்தால் அந்த முடிவு செல்லாது.

முதல் பக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘எல்லா மல்லிகைகளும் பூக்கள். சில பூக்கள் வெள்ளை.’ அவள் எடுத்த முடிவு, ‘சில மல்லிகைகள் வெள்ளை’. எந்த வரியிலிருந்து வந்தது என்ற இடத்தில், “மல்லிகை வெள்ளைதானே!” என்று எழுதியிருந்தாள். கேள்வியில் அப்படி ஒரு வரியே இல்லை. அது அவள் வீட்டு வாசலில் பூத்த மல்லிகை. பூ வட்டத்துக்குள் ஒரு மூலையில் மல்லிகையையும் எதிர் மூலையில் வெள்ளையையும் போட்டுக் காட்டியதும் சட்டென்று புரிந்துகொண்டாள்.

ஒரு மாதத்தில் இன்னொரு தப்பும் திரும்பத் திரும்ப வந்தது. ‘சில ஆசிரியர்கள் பாடகர்கள்’ என்றால், மற்றவர்கள் பாடகர்கள் இல்லை என்று எடுத்துக்கொள்வாள். பேச்சு வழக்கில் நாமும் அப்படித்தான் சொல்கிறோம். தேர்வில் ‘சில’ என்றால் குறைந்தது ஒருவர், அவ்வளவுதான். எல்லோருமே பாடகர்களாக இருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

அடுத்த தேர்வில் 22 கேள்விகளைத்தான் தொட்டாள். 20 சரி, 2 தவறு. 19.5 வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இருக்கை வரிசைப் புதிர்களில் வேகம் இந்த நோட்டால் வராது. அதற்குக் கடிகாரம் வைத்துத் தனியாகப் பழக வேண்டும். விடைப் புத்தகத்தின் விளக்கத்தை நோட்டில் காப்பி அடிக்கவும் வேண்டாம். குறிக்கும்போது உங்கள் மனதில் ஓடிய காரணம், அது எவ்வளவு அபத்தமாகத் தெரிந்தாலும், அதையே எழுதுங்கள். கடைசியாக எழுதிய மாதிரித் தேர்வை எடுங்கள். சந்தேகத்தோடு குறித்தவற்றை இப்போதைக்கு விடுங்கள். உறுதியாகக் குறித்துத் தப்பானவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.